தொகுப்பு வரிசையைச் சமன்செய்தல்: ஹைலேண்ட் பார்க் முதல் லார்ட்ஸ்டவுன் வரை

தொழிற்சாலைகளில் ஒரு பொருளின் பாகங்களைப் பலர் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு சிறு வேலையாகச் செய்து பொருத்தும் முறை தொகுப்பு வரிசை எனப்படுகிறது. அசெம்பிளி லைன் என்ற பெயரிலேயே இது பலருக்கும் தெரியும். ஒரு நாளில் இத்தனை பொருட்கள் வேண்டும் என்ற இலக்கை முதலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பணிநிலையத்திலும் ஆகும் நேரம் அந்த இலக்குக்குள் அடங்கும்படி வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே வரிசையைச் சமன்செய்தல் ஆகும். ஆலைகளில் இதை லைன் பேலன்சிங் என்பர்.

வேலையைப் பலருக்குப் பங்கிட்டாலே உற்பத்தி பெருகிவிடும் என்பது பொதுவான எண்ணம். இம்முறை தொடங்கிய இடத்தின் கணக்குகளைக் கூர்ந்து பார்த்தால் அது முழு உண்மையன்று என்பது புலப்படும். பங்கிட்டதனால் வந்த பலன் சிறியது. பங்குகளைச் சமன்செய்ததனால் வந்த பலனே பெரியது.

அடிப்படைக் கணக்கு

வரிசையின் இறுதியில் எத்தனை நொடிக்கு ஒரு பொருள் வெளிவர வேண்டும் என்பதே முதற்கேள்வி. கிடைக்கும் வேலை நேரத்தை இலக்கால் வகுத்தால் விடை கிடைக்கும். இது சுழற்சி நேரம் எனப்படும். 8 மணி நேரத்தில், அதாவது 480 நிமிடத்தில், 480 பொருட்கள் வேண்டுமானால் சுழற்சி நேரம் 1 நிமிடம். எந்த நிலையத்தின் வேலையும் இந்த 1 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

ஒரே ஒரு நிலையத்தில் 75 நொடி பிடித்தாலும் வரிசை முழுவதும் 75 நொடிக்கு ஒரு பொருளைத்தான் தரும். மற்றவர்கள் 50 நொடியில் முடித்துவிட்டாலும் பயனில்லை. அவர்கள் மீதி 25 நொடி காத்து நிற்பார்கள், அல்லது மெதுவான நிலையத்தின் முன்னே பொருட்களைக் குவிப்பார்கள். ஆகவே ஒரு வரிசை சமனாக இல்லை என்பதை அறியக் கடிகாரம்கூடத் தேவையில்லை. எங்கே பொருட்கள் குவிகின்றன, அதற்கு அடுத்து யார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தாலே போதும். குவியலுக்கும் காத்திருப்பவருக்கும் நடுவில் இருப்பதே அதிகச் சுமையுள்ள நிலையம்.

1913: மேக்னெட்டோ வரிசை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆலை இருந்தது. அங்கு ‘மாடல் டி’ என்னும் கார் உருவாக்கப்பட்டது. அந்தக் காரின் எஞ்சினில் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மேக்னெட்டோ என்னும் உறுப்பு தந்தது. எஞ்சினின் சுழல்சக்கரத்தின் மேல் 16 நிலைக்காந்தங்களை வைத்து, தாங்கிகளையும் பிடிப்பான்களையும் சேர்த்து, திருகாணிகளால் முடுக்கி அதை உருவாக்குவார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் தம் மேசையில் நின்று ஒரு மேக்னெட்டோவை முழுமையாகத் தாமே பொருத்துவது பழைய வழக்கம்.

1913 ஏப்ரல் 1 அன்று அந்தப் பிரிவில் ஏற்பாடு மாறியது. இடுப்பளவு உயரத்தில் குழாய்ச் சட்டத்தின் மீது சுழல்சக்கரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் ஒரு பாகத்தை மட்டும் வைக்க வேண்டும், அல்லது சில திருகாணிகளை மட்டும் முடுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். 29 பேர் இவ்வாறு வேலை செய்து, 9 மணி நேரத்தில் 1,188 மேக்னெட்டோக்களை முடித்தனர்.

இந்த எண்களை வகுத்துப் பார்க்கலாம். 540 நிமிடத்தில் 1,188 என்றால் சுமார் 27 நொடிக்கு ஒன்று வெளிவந்திருக்கிறது. 29 பேரின் நேரத்தையும் கூட்டினால் ஒரு மேக்னெட்டோவுக்கு 13 நிமிடம் 10 நொடி மனித உழைப்பு செலவாகியிருக்கிறது. முன்பு ஒரு தொழிலாளிக்கு 20 நிமிடம் ஆயிற்று என்றும், அது 13 நிமிடமாகக் குறைந்தது என்றும் பல நூல்கள் சொல்லும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மேசையில் வேலை செய்தபோது ஒருவர் 9 மணி நேரத்தில் 35 முதல் 40 வரை முடித்தார் என்றும், அதாவது ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம் என்றும், 1922-இல் வெளிவந்த ஹென்றி ஃபோர்டின் தன்வரலாற்று நூல் கூறுகிறது. இவ்விரண்டும் பொருந்தவில்லை. ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 540 நிமிடத்தில் 27 மட்டுமே முடியும். 35 முதல் 40 வரை என்ற எண்ணிக்கையே சரியென்று கொண்டால், 29 பேர் மேசையிலேயே நாளொன்றுக்கு 1,015 முதல் 1,160 வரை முடித்திருப்பார்கள். அப்படியானால் 1,188 என்பது சிறிய முன்னேற்றமே. அதாவது 29 துண்டுகளாக வேலையைப் பிரித்த அந்த ஏற்பாடு, தொடக்கத்தில் அப்படியொன்றும் பெரிய அற்புதத்தைச் செய்துவிடவில்லை.

ஓராண்டில் நடந்தவை

அடுத்த ஓராண்டில் நடந்தவையே முக்கியமானவை. வரிசையின் உயரம் போதவில்லை. குனிந்தபடியே வேலை செய்ததால் முதுகு வலிக்கிறது என்று தொழிலாளர்கள் முறையிட்டனர். வரிசையைச் சுமார் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதனால் ஒரு மேக்னெட்டோவுக்கு ஆகும் உழைப்பு 7 நிமிடமாகக் குறைந்தது என்று ஃபோர்டின் நூல் குறிப்பிடுகிறது.

இரண்டாவது குறை, வேகம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. சிலர் விரைந்து முடித்து, அடுத்தவர் மேல் குவித்தனர். சிலர் மெதுவாகச் செய்து, அடுத்தவரைக் காக்க வைத்தனர். கையால் தள்ளும் வரை இதற்குத் தீர்வு இல்லை. சக்கரங்களை ஒரு சங்கிலி சீரான வேகத்தில் இழுத்துச் செல்லும்படி செய்தபோது, விரைந்தவர் நிதானித்தார், மெதுவானவர் விரைய வேண்டியதாயிற்று.

ஆனால் சங்கிலியை எந்த வேகத்தில் ஓட்டுவது? இதற்கு அன்று சூத்திரம் எதுவும் இல்லை. முதலில் நிமிடத்துக்கு 60 அங்குலம் வைத்துப் பார்த்தார்கள். அது மிகவும் வேகமாக இருந்தது. 18 அங்குலமாகக் குறைத்தார்கள். அது மிகவும் மெதுவாக இருந்தது. கடைசியில் 44 அங்குலம் என்று முடிவாயிற்று. வேகத்தை மாற்றும்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் கிடைக்கும் நொடிகளும் மாறுகின்றன. ஆதலால் வேகத்தைத் தேடியதும் சமநிலையைத் தேடியதும் ஒரே தேடல்தான்.

1914-இல் 14 பேர், 8 மணி நேரத்தில் 1,335 மேக்னெட்டோக்களைப் பொருத்தினார்கள். சுழற்சி நேரம் 27 நொடியிலிருந்து சுமார் 21½ நொடியாயிற்று. ஆட்கள் பாதியானார்கள். ஒன்றுக்கான உழைப்பு 13 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாக இறங்கியது. பொருத்தப்பட்ட பொருள் அதே மேக்னெட்டோதான். முன்பு கணக்கில் வந்த 13 நிமிடத்தில் பெரும்பகுதி பொருத்தும் வேலையே அன்று. அது காத்திருப்பதற்கும், குனிவதற்கும், தள்ளுவதற்கும், கை தயங்குவதற்கும் போன நேரம்.

சோதனையிலிருந்து கணிதத்துக்கு

இதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வரிசைகளைச் சமன்செய்தது மேற்பார்வையாளரின் அனுபவமும் கைக்கடிகாரமும்தான். 1954-இல் பென்ஜமின் பிரைட்டன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1955-இல் மெல்வின் சால்வசன் இதைக் கணிதச் சிக்கலாக வரையறுத்துக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ஜாக்சன் என்பவர் தீர்க்கும் முறை ஒன்றை வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் 11 வேலைகள் கொண்ட சிறு கணக்கு இன்றும் புதிய முறைகளைச் சோதிக்கப் பயன்படுகிறது. அதை ஒருமுறை செய்து பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

வேலைகளும் அவற்றுக்கு ஆகும் நேர அலகுகளும் வருமாறு:

| வேலை | நேரம் | இதற்கு முன் முடிய வேண்டியவை |
|---|---|---|
| 1 | 6 | இல்லை |
| 2 | 2 | 1 |
| 3 | 5 | 1 |
| 4 | 7 | 1 |
| 5 | 1 | 1 |
| 6 | 2 | 2 |
| 7 | 3 | 3, 4, 5 |
| 8 | 6 | 6 |
| 9 | 5 | 7 |
| 10 | 5 | 8 |
| 11 | 4 | 9, 10 |

மொத்த நேரம் 46 அலகுகள். சுழற்சி நேரம் 10 அலகு என்று கொள்வோம். 46-ஐ 10-ஆல் வகுத்தால் 4.6. ஆகவே 5 நிலையங்களுக்குக் குறைவாக இவ்வேலையை முடிக்கவே முடியாது. 5 நிலையங்களில் முடியுமா என்பதுதான் கேள்வி. சட்டையில் பொத்தான் துளை போட்ட பிறகுதானே பொத்தானைப் பூட்டிப் பார்க்க முடியும்? அதுபோல் இங்கும் முன்பின் கட்டுப்பாடு இருப்பதால், எண்களை மட்டும் பார்த்து நிரப்ப இயலாது.

1961-இல் ஹெல்கசன், பர்னி ஆகிய இருவர் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். ஒரு வேலையின் நேரத்தோடு, அது முடியக் காத்திருக்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்ட வேண்டும். இக்கூட்டுத்தொகை அவ்வேலையின் எடை. எடை மிகுந்ததை முதலில் எடுத்து, நிலையத்தில் இடமிருந்தால் வைக்க வேண்டும். இடமில்லையானால் அடுத்த எடையுள்ளதைப் பார்க்க வேண்டும். எதுவும் பொருந்தாதபோது புதிய நிலையம் தொடங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 8-ஆம் வேலைக்குப் பின் 10-உம் 11-உம் காத்திருப்பதால் அதன் எடை 6+5+4=15. 4-ஆம் வேலைக்கு 7+3+5+4=19. இவ்விதியின்படி நிரப்பினால் கிடைப்பது:

- நிலையம் 1: வேலை 1, 2, 6 (மொத்தம் 10)
- நிலையம் 2: வேலை 4, 5 (8)
- நிலையம் 3: வேலை 3, 7 (8)
- நிலையம் 4: வேலை 8 (6)
- நிலையம் 5: வேலை 9, 10 (10)
- நிலையம் 6: வேலை 11 (4)

ஆறு நிலையங்கள் ஆகிவிட்டன. ஆறு பேரின் 60 அலகுகளில் 46 மட்டுமே வேலை. பயன்பாடு சுமார் 77 விழுக்காடு.

குறை எங்கே நேர்ந்தது? நான்காம் நிலையத்தைப் பாருங்கள். 8-ஆம் வேலை தனியாக நிற்கிறது. மீதமிருக்கும் 4 அலகில் வைக்கத் தகுந்தது எதுவும் அந்த நேரத்தில் இல்லை. 9-க்கும் 10-க்கும் தலா 5 அலகு வேண்டும். 11-க்கு 4 அலகு போதும், ஆனால் அதன் முறை இன்னும் வரவில்லை. எடை மிகுந்த 4-ஆம் வேலையை முன்னே கொண்டுவந்ததால் 8-ஆம் வேலை பின்தங்கிவிட்டது. அதனால் 10-உம் பின்தங்கியது.

இப்போது வேறு விதமாக அடுக்கிப் பார்க்கலாம்:

- நிலையம் 1: வேலை 1, 2, 5 (9)
- நிலையம் 2: வேலை 6, 8 (8)
- நிலையம் 3: வேலை 3, 10 (10)
- நிலையம் 4: வேலை 4, 7 (10)
- நிலையம் 5: வேலை 9, 11 (9)

ஐந்து நிலையங்களில் முடிந்துவிட்டது. பயன்பாடு 92 விழுக்காடு. 8-ஐ விரைவில் முடித்ததால், 5 அலகுள்ள 10-ஆம் வேலை, 5 அலகுள்ள 3-ஆம் வேலைக்குத் துணையாகக் கிடைத்தது. விதி பின்னுக்குத் தள்ளிய வேலையே இங்கு ஒரு நிலையத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஆகவே எளிய விதிகள் விரைவாக நல்ல விடை தரும், ஆனால் மிகச் சிறந்த விடையைத் தரும் என்ற உறுதி இல்லை. 11 வேலைகளுக்குத் தாளில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான வேலைகள் இருந்தால் அடுக்கும் வழிகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். எல்லாவற்றையும் சோதிப்பது கணினிக்கும் இயலாத காரியமாகிவிடும்.

அட்டவணையில் வராத நேரம்

மேற்கண்ட அட்டவணையில் 4-ஆம் வேலைக்கு 7 அலகு என்று எழுதியிருக்கிறது. மனிதர் கையால் செய்யும் வேலை ஒவ்வொரு முறையும் சரியாக 7 அலகில் முடியாது. ஒருமுறை 6½ ஆகும், திருகாணி சிக்கிக்கொண்டால் 8 ஆகும். அட்டவணை எண் ஒரு சராசரி மட்டுமே. ஐந்து நிலைய விடையில் மூன்றாம், நான்காம் நிலையங்களுக்கு மிச்சம் சிறிதும் இல்லை. சராசரியே சுழற்சி நேரத்துக்குச் சமமாக இருப்பதால், ஏறக்குறைய இரண்டில் ஒரு முறை அந்தத் தொழிலாளி பிந்திவிடுவார். சங்கிலி நிற்காது. அவர் பொருளுடன் நடந்துகொண்டே அடுத்தவர் இடம் வரை சென்று முடிக்க வேண்டும், அல்லது அரைகுறையாக விட்டுவிட வேண்டும்.

இது ஆலையில் வெளிப்படும் விதங்கள் உண்டு. ஒரே நிலையத்தின் வேலையில் மட்டும் திரும்பத் திரும்பக் குறை காணப்படும். வரிசையின் கடைசியில் பழுது பார்க்கும் இடம் நிரம்பி வழியும். அந்த நிலையத்தில் நிற்பவர் எப்போதும் தம் எல்லையைத் தாண்டியே காணப்படுவார். தாளில் 92 விழுக்காடு என்று அழகாகத் தெரிந்த வரிசை, தரையில் இப்படித்தான் தள்ளாடும். அனுபவமுள்ளவர்கள் நிலையத்தை விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டு வைப்பது இதனால்தான். தாளில் வீணாகத் தெரியும் அந்தச் சில நொடிகள், மனிதர் மூச்சு வாங்குவதற்கும் அடுத்த பாகத்தைச் சரியாக எடுப்பதற்கும் உரியவை.

இதன் விலையை ஃபோர்டு ஆலையும் கண்டது. 1913-இல் அங்கு தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போவதும் புதியவர் வருவதும் ஓயாமல் நடந்தது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் அந்த மாற்று விகிதம் சுமார் 370 விழுக்காடு. 1914 ஜனவரி 5 அன்று, தகுதி பெற்ற தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்றும், வேலை நேரம் 9-இலிருந்து 8 மணியாகக் குறைக்கப்படும் என்றும் நிறுவனம் அறிவித்தது. 14 பேரின் வரிசையில் 21½ நொடிக்கு ஒருமுறை ஒரே அசைவைச் செய்யும் ஆளை நிலைநிறுத்த, கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது.

1972: முப்பத்தாறு நொடி

இதே கேள்வி ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் மீண்டும் எழுந்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘வேகா’ என்னும் சிறு காரை உருவாக்கியது. மணிக்கு சுமார் 60 கார்கள் என்பது அக்காலத்து வரிசைகளின் வழக்கமான வேகம். லார்ட்ஸ்டவுன் வரிசை மணிக்கு 100 கார்களுக்காக அமைக்கப்பட்டது. 3,600 நொடியை 100-ஆல் வகுத்தால் 36 நொடி. தொழிலாளிக்கு ஒரு காரில் கிடைத்த நேரம் அவ்வளவே.

36 நொடி என்பது தன்னளவில் தவறான எண் அன்று. வேலைகளை இன்னும் சிறிய துண்டுகளாக்கி, நிலையங்களைக் கூட்டினால் அதற்கும் சமன்செய்யலாம். 1971-இல் ஆலையின் நிர்வாகப் பொறுப்பு நிறுவனத்தின் வேறொரு பிரிவின் கைக்கு மாறியது. அப்பிரிவு ஆட்களைக் குறைத்து, எஞ்சியவர்களின் வேலைப் பங்குகளை மாற்றியமைத்தது. பயனற்றுப் போகும் நேரத்தையே நீக்குகிறோம் என்று நிறுவனம் கூறியது. 36 நொடியை மாற்றாமல் அதற்குள் கூடுதல் வேலையைத் திணிக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் கூறினர். முழுதாய் முடியாத கார்கள் வரிசையிலிருந்து இறங்கின. பழுது பார்க்கும் இடம் நிறைந்தது. 1972 மார்ச்சில் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அது 22 நாட்கள் நீடித்தது. கூலியைவிட, வேலையின் வேகமும் அளவுமே அப்போராட்டத்தின் மையம்.

இரு தரப்பும் ஒரே நொடிகளைப் பற்றியே பேசின. தாளில் இருந்த சும்மா நேரத்தை ஒரு தரப்பு வீண் என்றது. மறு தரப்பு அதைத் தேவை என்றது. எவ்வளவு கூர்மையான கணித முறையும் இவ்வழக்கைத் தீர்க்காது. ஒரு வேலைக்கு எத்தனை அலகு என்று அட்டவணையில் எழுதப்பட்ட எண்ணிலிருந்துதான் அம்முறை தொடங்குகிறது. அந்த எண் கடிகாரத்தோடு நின்றவர் எழுதியது. அதைச் செய்து காட்டியவர் எந்த வேகத்தில் செய்தார், அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் செய்ய முடியுமா என்பதை அட்டவணை சொல்வதில்லை.

ஹைலேண்ட் பார்க்கில் 60 அங்குல வேகம் தோற்றதும் இதனால்தான். அன்று வேகம் அதிகம் என்பதை எந்தச் சூத்திரமும் காட்டவில்லை. சங்கிலியின் பக்கத்தில் நின்று வேலை செய்த கைகளே அதைக் காட்டின. வேகம் 44-க்கு இறங்கியபோதுதான் வரிசை சமனாயிற்று.